ஏழாம் தேதிச் சம்பளமும் ஐந்தாம் தேதித் தவணையும்

கஞ்சிக்கோட்டில் ஒரு சிறு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. அதனால் சம்பள முன்பணம் கேட்டு எழுதப்படும் கடிதங்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் என்று எல்லையோர ஊர்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் எங்களிடம் நிறைய உண்டு. பேச்சுக்கு மலையாளம் தடையில்லை. எழுதுவதென்றால் யாராவது படித்தவரைப் பிடித்து மலையாளத்திலோ இங்கிலீஷிலோ எழுதி வாங்கி வருவார்கள். அந்தக் கடிதங்களைப் பல வருடமாகப் படித்ததில் எனக்குள் ஒரு மனத்தாங்கல் தங்கிவிட்டது. எழுதியவரின் கஷ்டம் அத்தனையும் அதில் இருக்கும். கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது. எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படித் திருப்பிப் பிடிப்பது? இந்த மூன்றும் இல்லாத கடிதத்தை மனமிருந்தாலும் மேலே அனுப்ப முடியாது. "ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று திரும்பி வரும். அவர் ஷிப்டில் இருப்பார். நாலு நாள் போய்விடும். கடன் தவணைக்காகக் கேட்பவருக்கு அந்த நாலு நாள்தான் எல்லாமே.

இது வெறும் எண்ணமாகவே இருந்திருக்கும். 2024 ஆகஸ்டில் என் சித்தி மகனுக்கு இதே நிலை வந்தபோதுதான் ஒரு கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை நானே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. அவன் வேலை செய்வது வேறு ஒரு கம்பெனியில், பிரஸ் மெஷினில். எந்தக் கம்பெனி, எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை.

ஐம்பதாயிரம் என்று தொடங்கியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் இரண்டு பக்கக் கடிதம். "அக்கா, இதைக் கொஞ்சம் நல்லா எழுதிக் குடுங்க" என்றான். மே மாதத்திலிருந்து ஓவர்டைம் நின்றுவிட்டது. அவன் வீட்டுக் கணக்கு முழுவதும் ஓவர்டைமை நம்பி ஓடியது. ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு, அதற்கு வாங்கிய கைமாத்தை ஜூலையில் திருப்பிக் கொடுத்தது, அப்புறம் மழையில் ஓடு சரிந்து கூரை வேலை. வீட்டுக்காக வாங்கிய வங்கிக் கடனுக்கு மாதம் 4,850 ரூபாய் தவணை. ஜூன் 5, ஜூலை 5, ஆகஸ்ட் 5 மூன்றுமே கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டன. கடிதத்தில் இவ்வளவும் இருந்தது, அப்பாவின் சர்க்கரை நோய் உட்பட. கடைசியில் ஒரு வரி: தயவுசெய்து 50,000 ரூபாய் முன்பணம் தந்து உதவ வேண்டும்.

"ஐம்பதாயிரம் எதுக்குடா?" என்று கேட்டேன். தவணை பாக்கி, இன்னொருவரிடம் வாங்கிய கைமாத்து, அடகில் இருக்கும் வளையல் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிட்டால் நிம்மதி என்றான். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் அவன் கைக்கு வரும் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேண்டீன் போக, 18,400 ரூபாய். ஐம்பதாயிரத்தை ஆறு மாதத்தில் பிடித்தால் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் போகும். மிச்சத்தில் தவணையும் கட்டி வீட்டையும் நடத்த முடியாது. மூன்றாவது மாதமே தவணை மறுபடி விழும், கூடவே கம்பெனிக்கும் கடன்காரனாக நிற்பான். முன்பணம் என்பது புதிதாக வரும் காசு இல்லை, அவனுடைய அடுத்த மாதங்களின் சம்பளம்தான். அதில் எவ்வளவு குறைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

கைமாத்து கொடுத்தவர் பொறுப்பார். வளையல் வட்டி கட்டித் திருப்பி வைத்தால் நிற்கும். எது பொறுக்காது? அதை மட்டும் கேட்போம் என்றேன். "பேங்க்தான் அக்கா. டெய்லி போன் பண்றாங்க" என்றான். சரி, போன் வருவதை வைத்து முடிவு செய்ய முடியாது. கிளைக்குப் போய் நாலு விஷயம் கேட்டு வா, முடிந்தால் தாளில் வாங்கி வா என்று அனுப்பினேன். இன்றைய தேதிக்கு மொத்த நிலுவை எவ்வளவு, அதில் தவணை எவ்வளவு, தவணை திரும்பியதற்கான கட்டணமும் அபராதமும் எவ்வளவு. அப்புறம், மிகப் பழைய பாக்கி எந்தத் தேதியுடையது.

செப்டம்பர் 3

புதன்கிழமை தாளோடு வந்தான். மூன்று தவணை 14,550. கட்டணங்கள் 1,650. ஆக 16,200. மிகப் பழைய பாக்கி ஜூன் 5.

அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு தவணை 90 நாளைத் தாண்டியும் கட்டப்படாமல் இருந்தால் அந்தக் கடன் வாராக் கடன் ஆகிறது. கணினி ஒவ்வொரு நாள் முடிவிலும் இந்த நாட்களை எண்ணிக்கொண்டே இருக்கும், கிளை மேலாளர் மனதுவைத்துத் தள்ளிப்போடும் விஷயம் இல்லை. ஜூன் 5-லிருந்து தொண்ணூறு நாள் எண்ணினால் செப்டம்பர் 3. அவன் கம்பெனியில் சம்பளம் ஏழாம் தேதி. ஓணம் அந்த வருடம் செப்டம்பர் 15, ஆகவே போனஸ் அதற்கு முந்திய வாரத்தில்தான் வரும். அவன் நம்பியிருந்த இரண்டு பணமும் கெடு முடிந்த பிறகு வருகிறது. சம்பளம் நாலே நாள் தாமதம்.

அந்த நாலு நாளுக்கு என்ன விலை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் "எப்படியும் லேட்டு, இன்னும் ஒரு வாரம் போனால் என்ன" என்று நினைக்கிறார்கள். கெடுவுக்கு முன்னால் ஒரே ஒரு பழைய தவணையைத் தீர்த்தாலும் எண்ணிக்கை முன்னால் நகரும். ஜூன் பாக்கி தீர்ந்தால் மிகப் பழையது ஜூலை 5 ஆகும், கெடு அக்டோபர் 3-க்குப் போகும். வாராக் கடன் ஆன பிறகு அப்படி இல்லை. அசலிலும் வட்டியிலும் இருக்கும் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்னொன்று, இந்த வகைப்பாடு கடனுக்குக் கடன் தனியாகப் பார்ப்பதில்லை, ஆளை வைத்துப் பார்ப்பது. அவனுக்கு அதே வங்கியில் ஒரு நகைக் கடனும் இருந்தது. இது விழுந்தால் ஒழுங்காக வட்டி கட்டிவந்த அந்தக் கணக்கும் சேர்ந்தே விழும். இது அவனுக்குத் தெரியாது. தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 4,850 மட்டும் கட்டினால் ஜூன் தவணை தீர்ந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. சில வங்கிகள் வரும் பணத்தை முதலில் கட்டணத்தில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தவணைக்கு வரவு வைக்கும். அப்படியானால் ஜூன் தவணையில் 1,650 ரூபாய் பாக்கி நிற்கும். அது நிற்கும்வரை நாட்களின் எண்ணிக்கையும் ஜூன் 5-லிருந்துதான் ஓடும். அதனால்தான் தவணையையும் கட்டணத்தையும் பிரித்துக் கேட்கச் சொன்னேன். அபராதத்தின் மேல் வட்டி போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தோம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி அபராதத்தைக் கட்டணமாகத்தான் வாங்கலாம், அதை அசலில் சேர்த்து வட்டி போடக்கூடாது. அவன் தாளில் அப்படி எதுவும் இல்லை.

எவ்வளவு கேட்பது

16,200 கேட்டால் போதுமா? போதாது. செப்டம்பர் 5-ஆம் தேதி அடுத்த தவணை வரும், சம்பளம் ஏழாம் தேதிதான். நிலுவையை எல்லாம் தீர்த்த அதே வாரத்தில் இன்னொரு தவணை திரும்பும், இன்னொரு கட்டணம் ஏறும். ஆகவே அந்த 4,850-ஐயும் சேர்த்து 21,050. ஐம்பது ரூபாய் அவன் கையிலிருந்து. கேட்பது 21,000.

பிடித்தம் மாதம் 3,500 வீதம் ஆறு மாதம். 18,400-இல் 3,500 போனால் 14,900. தவணைக்கு 4,850 எடுத்து வைத்தால் 10,050. வீட்டுச் செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று அவன் மனைவி சொன்னாள். இந்தக் கணக்கில் அவளைக் கேட்காமல் ஒரு எண்ணும் எழுதக்கூடாது என்பது என் பிடிவாதம். ஐயாயிரம் பிடிக்கச் சொல்லலாம், சீக்கிரம் முடியும் என்றான் அவன். "அரிசி, காஸ், பஸ் எல்லாம் யார் பாக்கறது?" என்றாள் அவள். 3,500-இல் நின்றது. சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து பாதியைத் தாண்டக்கூடாது. ஆனால் அந்தப் பாதி என்பது முதலாளிக்குப் போட்ட வரம்பு, குடும்பம் தாங்கும் அளவு இல்லை. குடும்பம் தாங்கும் அளவைக் கேட்பவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கம்பெனி முழுத் தொகைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? கட்டணமும் ஜூன் தவணையும் சேர்த்து 6,500 கிடைத்தால் ஒரு மாத மூச்சு கிடைக்கும். அதை மனதில் வைத்துக்கொள், கடிதத்தில் எழுதாதே என்றேன். எழுதினால் அதைத்தான் கொடுப்பார்கள்.

கடிதம்

அவன் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, பிறகு மலையாளத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தேன். தமிழில் இருந்தது இதுதான்:

> 22.08.2024
>
> பொருள்: சம்பள முன்பணம் ரூ.21,000, ஆகஸ்ட் 30-க்குள் வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நான் பிரஸ் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் வங்கிக் கடனில் மூன்று தவணைகள் நிலுவையில் உள்ளன. செப்டம்பர் 3-க்குள் கட்டாவிட்டால் அது வாராக் கடன் ஆகிவிடும். நம் சம்பளத் தேதி செப்டம்பர் 7 என்பதால் சம்பளம் வரும்வரை காத்திருக்க வழியில்லை.
>
> நிலுவை ரூ.16,200, செப்டம்பர் 5-ஆம் தேதித் தவணை ரூ.4,850 இரண்டுக்குமாக ரூ.21,000 முன்பணம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் இதுவரை வேலை செய்த நாட்களின் சம்பளமும் இதில் அடங்கும்.
>
> இத்தொகையை மாதம் ரூ.3,500 வீதம் ஆறு தவணைகளில் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இடையில் வேலையிலிருந்து விலக நேர்ந்தால் மீதித் தொகையை இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.
>
> வங்கி தந்த நிலுவை விவரத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், டோக்கன் எண்)

ஆகஸ்ட் 30 என்று ஏன் போட்டோம் என்றால், செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. 30 வெள்ளி. பணம் வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமை கிளை திறந்திருக்கும், கட்டிவிட்டுக் கையோடு ரசீதும் வாங்கலாம். கடைசி நாளைக் கடிதத்தில் கெடுவாகப் போட்டால், கடைசி நாளில்தான் கணக்குப் பிரிவு எழுந்திருக்கும். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்குத் தெரியும்.

வேலை செய்த நாட்களைப் பற்றிய அந்த ஒரு வரி எனக்கு முக்கியம். 22-ஆம் தேதியில் ஒருவன் முன்பணம் கேட்கும்போது அவன் ஏற்கெனவே மூன்று வாரம் உழைத்திருக்கிறான். அவனுக்குச் சேர வேண்டிய பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கம்பெனியிடம்தான் இருக்கிறது. 21,000 கேட்கிறான் என்றால் அதில் பாதிக்கு மேல் அவனுடையதே. கெஞ்சும் கடிதங்களில் இது மறைந்தே போய்விடுகிறது, எழுதுபவருக்கும் மறந்துவிடுகிறது.

அப்பாவின் நோய், பள்ளிக்கூடம், கூரை எதுவும் இல்லை. அவனுக்கு இதில் தயக்கம். கஷ்டத்தைச் சொல்லாவிட்டால் எப்படி இரக்கம் வரும் என்றான். கேட்டால் வாயால் சொல், தாளில் வேண்டாம் என்றேன். அந்தத் தாள் அவன் பெயர் போட்ட கோப்பில் பல வருடம் கிடக்கும், யார் யாரோ புரட்டுவார்கள். வீட்டு நோயும் நொடியும் அங்கே போய் உட்கார வேண்டிய அவசியமில்லை. வங்கித் தாளின் நகலிலும் கடன் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைத்துத்தான் கொடுத்தோம்.

கையெழுத்துப் போடும் முன்

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முன்பணம் என்றாலே பயப்படுவார்கள். செங்கல் சூளையிலும் அரிசி மில்லிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு அது தீரும்வரை நகர முடியாமல் கிடந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சித்தியும் அதைத்தான் சொன்னாள்: "வாங்கீட்டா அவங்க சொல்றபடிதான் கேக்கோணும்." அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கடன் தீரும்வரை வேலையை விட்டுப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு தரும் முன்பணம் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கே விரோதம். அதற்காகத்தான் "விலக நேர்ந்தால் இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்" என்பதை நாமே எழுதினோம். போகும் உரிமையும் அதில் இருக்கிறது, பணம் திரும்பும் என்ற உறுதியும் இருக்கிறது. வெற்றுத்தாளிலோ தொகை எழுதாத செக்கிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதே, வட்டி என்று ஏதாவது இருந்தால் போடாமல் எடுத்து வா என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஓணம் போனஸில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாமே? போனஸ் மூன்றாம் தேதிக்குப் பிறகுதான் வரும் சார், ஓணத்துக்கு வீட்டுக்கும் கொஞ்சம் வேணும் என்று இவன் சொன்னான். கொஞ்சம் பேச்சுக்குப் பிறகு முதல் 3,500-ஐ மட்டும் அவன் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில் போனஸில் எடுப்பது, மீதி ஐந்தையும் அக்டோபர் 7 சம்பளத்திலிருந்து பிடிப்பது என்று முடிவானது. நாங்கள் கேட்டதைவிட இது நல்லது. செப்டம்பர் ஏழாம் தேதிச் சம்பளம் முழுதாக வந்தது, அக்டோபர் தவணைக்கான பணத்தை அன்றைக்கே தனியாக எடுத்து வைக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்பணம் ஏறியது. சனிக்கிழமை காலையில் வங்கியில் 16,200 கட்டி, நிலுவை இல்லை என்று கணினியில் காட்டச் சொல்லி, ரசீது வாங்கிக்கொண்டுதான் வந்தான். 4,850 கணக்கிலேயே இருந்தது, ஐந்தாம் தேதி தவணை போனது.

ஐந்தும் ஏழும்

கடிதம் பலித்தது, சரி. எனக்குள் உறுத்தல் மட்டும் இன்னும் போகவில்லை. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் சட்டம். அதனால் பாதிக் கம்பெனிகள் ஏழாம் தேதியையே சம்பளத் தேதியாக வைத்திருக்கின்றன. அந்தக் கம்பெனிகளின் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கி தவணையை ஐந்தாம் தேதி வைக்கிறது. கடன் வாங்குகிற அன்று யாரும் இதைச் சொல்வதில்லை. ஓவர்டைம் ஓடும்வரை முந்திய மாதப் பணத்தில் கொஞ்சம் கிடக்கும், இந்த இரண்டு நாள் தெரியாது. ஓவர்டைம் நின்றதும் முதலில் உடைவது அந்த இடம்தான். எங்கள் பட்டியலிலேயே ஐந்தாம் தேதி காலையில் "அக்கா, சம்பளம் இன்னைக்கே போடுவாங்களா" என்று கேட்டு வருகிறவர்கள் மாதாமாதம் இருக்கிறார்கள்.

ஆகவே நிலுவை தீர்ந்த கையோடு அவனை இன்னொரு கடிதம் எழுதவைத்தேன், இது வங்கிக்கு: சம்பளம் ஏழாம் தேதி வருவதால் தவணைத் தேதியைப் பத்தாம் தேதிக்கு மாற்றித் தரவும். பாக்கி இருக்கும்போது இதைக் கேட்டால் பேச்சே எடுக்க மாட்டார்கள், தீர்த்த பிறகு கேட்டால் காது கொடுப்பார்கள். தானாகப் பணம் எடுப்பதற்கான பழைய ஒப்புதலை ரத்து செய்து புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும், இடைப்பட்ட ஐந்து நாளுக்கு வட்டி கொஞ்சம் கூடும், இரண்டையும் கிளையில் சொன்னார்கள். ஒத்துக்கொண்டான். நவம்பரிலிருந்து பத்தாம் தேதி.

பிப்ரவரி சம்பளச் சீட்டில் முன்பணப் பாக்கி பூஜ்யம் என்று வந்ததும் கொண்டுவந்து காட்டினான். அந்தச் சீட்டையும், கம்பெனி கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகலையும், வங்கி ரசீதையும் ஒரே கவரில் போட்டு வைக்கச் சொன்னேன். இப்போது எங்கள் பக்கத்தில் கடன் வாங்கப் போகும் பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் ஒப்பந்தத்தில் முதலில் தவணைத் தேதியைப் பாருங்கள் என்கிறேன். ஐந்து என்று அச்சடித்திருந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே பத்து என்று மாற்றிக் கேளுங்கள். அன்றைக்கு அது ஒரு பேச்சில் முடிகிற காரியம்.